செம்மஞ்சள் போத்தல் பச்சையான நாள்

யாழ்ப்பாணத்தில் நீர் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நீரிலுள்ள கரிம அழுக்கை ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் தேவை என்று அளக்கும் சீஓடி சோதனை கிழமைக்கு 20 குழாய் அளவில் நடக்கும். ஒரு குழாயில் 7.5 மில்லிலீற்றர்தான், ஆனால் அதற்குள் சல்பூரிக் அமிலம், பொற்றாசியம் இருகுரோமேற்று, வெள்ளி, இரசம் எல்லாம் இருக்கின்றன. குளோரைட்டு கணக்கைக் கெடுக்காமல் கட்டிவைக்கத்தான் இரச சல்பேற்று. கடற்கரைப் பக்கத்து உவர் கிணறுகளுக்கு அது இல்லாமல் சரிவராது.

இந்தக் கழிவுக்குத் தனிப் போத்தல் வேண்டும். நான் சேர்ந்தபோது அதில் 'அமிலக் கழிவு' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லால் வந்த வினைதான் இது.

ஒரு நாள் போத்தலைத் தொட்டேன், இளஞ்சூடு. செம்மஞ்சளாக இருக்க வேண்டிய திரவம் பச்சையாகிக்கொண்டிருந்தது. விசாரித்தால், குழாய்களைக் காயவைக்க அசற்றோனால் அலசி, அலசியதையும் அதற்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்கள். இருகுரோமேற்று அசற்றோனை ஒட்சியேற்றும்போது வெப்பம் வரும், குரோமியம் பச்சை நிறத்துக்கு மாறும். கூடுதலாக ஊற்றியிருந்தால் தீப்பற்றியும் இருக்கலாம்.

"தம்பி, மூடியை இறுக்காதை, காபனேற்றும் போடாதை" என்றார் எங்கள் மூத்த அண்ணை. காபனேற்று போட்டால் அமிலம் பொங்கி வெளியே சிந்தும். வாயு உறிஞ்சும் அலமாரிக்குள் தட்டொன்றில் போத்தலை வைத்து, மூடியைத் தளர்த்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆறும்வரை யாரும் கிட்டப் போகவில்லை.

பச்சையானதால் கழிவு பாதுகாப்பாகிவிடவில்லை. அமிலம், இரசம், வெள்ளி அப்படியே இருந்தன. தொட்டியில் ஊற்றவும் மனம் வராது, எங்கள் தொட்டி நீர் ஊறுகுழிக்குப் போகிறது, அடியில் சுண்ணக்கல், பக்கத்திலேயே கிணறுகள்.

அன்றே கழிவை மூன்றாகப் பிரித்தோம். அசற்றோன், எதனோல் ஒரு போத்தல். குளோரோபோம் போன்ற குளோரின் உள்ள கரைப்பான்கள் வேறொன்று. சீஓடிக் கழிவு மூன்றாவது, கண்ணாடிப் போத்தல், பிளாத்திக்குத் தட்டின் மேல், கரைப்பான்களிலிருந்து எட்ட. குழாயை நீரால் முதலில் அலசிய நீரும் அதற்குள்தான் போகும், அதிலும் இரசம் உண்டு. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை.

லேபல் முதல் துளி விழுமுன் ஒட்டப்படும். பென்சிலால் எழுதுகிறோம், அமிலம் வழிந்தால் மை அழிந்துவிடும். மேலே நெகிழி நாடா. இப்போது இருப்பது இதுதான்:

சீஓடி சோதனைக் கழிவு. சல்பூரிக் அமிலம், இருகுரோமேற்று, இரசம், வெள்ளி. அரிக்கும், ஒட்சியேற்றும், நஞ்சு. கரைப்பான் சேர்க்க வேண்டாம். தொடங்கிய நாள், பொறுப்பாளர் பெயர்.

உரிமம் பெற்ற சேகரிப்பாளர் வந்தபோது பழைய பச்சைப் போத்தலைப் பார்த்து முதலில் கேட்டது, இதற்குள் என்ன விழுந்தது என்றுதான். நாங்கள் அசற்றோனையும் சேர்த்து எழுதி ஒட்டியிருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். பெயரில்லாமல் மூலையில் கிடந்த ஒரு பழைய போத்தலை மட்டும் விட்டுப் போனார்கள். அது இன்னும் எங்கள் தட்டில்தான் இருக்கிறது.