ஐந்தாவது வாரமும் திரும்பாத குரல்

2022 பொங்கல் முடிந்த கையோடு எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் மூன்றே நாள்தான். தொண்டை மட்டும் எச்சில் விழுங்கினாலே முள் குத்துவதுபோல ஒரு வாரம் வலித்துப் பின் தணிந்தது. ஆனால் கட்டிய குரல் திறக்கவில்லை.

பிப்ரவரி 1 அன்று பள்ளிகள் திறந்தன. நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள். முகக்கவசத்தோடு நாற்பது பிள்ளைகள் முன் நின்று செய்யுளை உரக்க வாசித்தால், இரண்டாவது அடியிலேயே குரல் பிளந்து வெறும் காற்று வரும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். மதியத்துக்குள் கழுத்தே வலிக்கும்.

வீட்டில் மிளகுக் கஷாயம், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, ஆவி எல்லாம் நடந்தன. தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வைரஸால் வந்த வீக்கத்தை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யவில்லை. குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் கிசுகிசுத்தே பேசினேன். தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தோன்றும்போதெல்லாம் செருமினேன். அது ஒரு மணி நேரத்துக்கு இருபது முறையாவது இருக்கும்.

ஐந்தாவது வாரத்தில்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேள்விகளாகவே கேட்டார். புகை, புகையிலை உண்டா? விழுங்கச் சிரமமா? எச்சிலில் ரத்தம்? கழுத்தில் கட்டி? ஒரு பக்கக் காது மட்டும் வலிக்கிறதா? எடை குறைந்ததா? மூச்சு வாங்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்றார். கொரோனாவின்போது தொண்டையில் குழாய் போட்டார்களா என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கேள்வியில் எனக்குச் சித்தப்பா நினைவு வந்தது. 2021 மே மாதம் வென்டிலேட்டரில் இருந்து மீண்டவர் அவர். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் குரல் கரகரத்தது. மாடி ஏறும்போது மூச்சை இழுத்தால் உள்ளே விசில்போல ஒரு சத்தம் கேட்கும். பலவீனம் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். பார்த்தபோது, குழாய் இருந்த இடத்தில் தழும்பேறி மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தது. மூச்சில் அப்படிச் சத்தம் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். என் கதை அந்த வகை இல்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டார். கண்ணில் நீர் வந்தது, வலி இல்லை. திரையில் என் குரல்நாண்கள் இரண்டும் வெளிர் பட்டைகளாகத் தெரிந்தன. "ஈ" என்று இழுக்கச் சொன்னார். அவை ஒன்றுசேரும்போதே, மேலே இருபக்கமும் இருந்த சதை உள்ளே நெருக்கிக்கொண்டு வந்து பாதியை மறைத்தது.

"வீக்கம் வற்றிவிட்டது. வீங்கியிருந்தபோது அழுத்திப் பேசினீர்கள் அல்லவா, அந்தப் பழக்கம்தான் போகவில்லை" என்றார். ஒவ்வொரு செருமலும் இரண்டு நாண்களையும் ஒன்றோடொன்று அறைகிறதாம். அழுத்திக் கிசுகிசுப்பதும் அதே நெருக்கல்தான். கொப்பளிக்கும் தண்ணீர் குரல்நாண் வரை போவதே இல்லை, போனால் புரையேறிவிடும். அது தொண்டைப் புண்ணுக்கு இதம், அவ்வளவுதான். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அதுவும் காற்றாகத்தான் வந்தது.

சளி, கொரோனா போன்றவற்றால் கட்டும் குரல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே சரியாகிவிடுமாம். நான்கு வாரம் தாண்டினால் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் மருந்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் பொருளில்லை. மரத்த தொண்டை தெளியும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், எதுவும் குடிக்காதீர்கள் என்று சொல்லிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்.

பயிற்சி பார்க்க விளையாட்டு போலத்தான் இருந்தது. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரல் கனம் மூழ்கவிட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று ஊத வேண்டும். ஸ்ட்ராவுக்குள் தேங்கும் அழுத்தம் நாண்கள் பலமாக மோதாமல் அதிர உதவுகிறது. சரியாகச் செய்தால் உதட்டிலும் கன்னத்திலும் அதிர்வு கூசும், கழுத்து இறுகாது. கழுத்து இறுகினால் தவறு. நாளைக்கு ஐந்தாறு தடவை, தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம். செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க வேண்டும். மெதுவாகப் பேசலாம், ஆனால் கிசுகிசுக்கக் கூடாது. வகுப்புக்கு இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி வாங்கினேன்.

செருமலை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பயிற்சி தொடங்கிய ஆறாவது வாரம் ஒரு நாள் செய்யுள் முழுவதும் உடையாமல் வந்தது. இப்போதும் தொடர்ந்து நான்கு பாடவேளை எடுத்தால் மாலையில் குரல் கொஞ்சம் தேய்கிறது. ஆசிரியர் அறையில் என் மேசைமேல் ஸ்ட்ரா போட்ட டம்ளர் இருக்கிறது. இளநீர் எங்கே என்று கேட்காதவர்கள் அங்கே யாரும் மிச்சமில்லை.