கடை வாசல் எலுமிச்சையும் ஆடி மாத நாள் கணக்கும்

2025 ஜூலை 23, புதன் (ஆடி 7)

நாளைக்கு ஆடி அமாவாசை. கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறவர்கள் பழம் வாங்கவேண்டிய நாள் இன்றுதான். ஆடியில் அம்மன் கோயில் மாலைகளுக்கே எலுமிச்சை மூட்டை மூட்டையாகப் போய்விடும். நாளைக் காலையில் போனால் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும்.

கட்டுவதற்கு எடுக்கும் பழமும் சாறு பிழிய எடுக்கும் பழமும் வேறு. சாற்றுக்குத் தோல் மெலிசாக, அழுத்தினால் அமுங்குகிற பழம் நல்லது. வாசலில் தொங்கப்போவதற்கு அது ஆகாது, மூன்றாம் நாளே கசியும். பச்சை இப்போதுதான் மஞ்சளுக்கு மாறுகிற, கெட்டியான, நடுத்தரப் பழமாகப் பார்க்க வேண்டும். காம்பு இருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மேல்தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

மிளகாய் ஏழு. சிறிய வாசலுக்கு ஐந்து போதும், ஒற்றைப்படை என்பதுதான் கணக்கு. காம்பு உதிராத, நீளமான பச்சை மிளகாயாக இருக்கட்டும். இவற்றோடு ஒரு துண்டு அடுப்புக்கரியும் கருப்பு நூலும் வேண்டும். மெல்லிய தையல் நூலை ஒற்றையாக விட்டால் ஆடிக் காற்றில் ஆடி ஆடிப் பழத்தையே அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். நான்கு இழையாக முறுக்கிக்கொள்ளுங்கள்.

2025 ஜூலை 24, வியாழன் (ஆடி 8), அமாவாசை

கோக்கிற வரிசை ஊருக்கு ஊர் மாறும். கீழே கரி, அதன் மேல் பழம், அதற்கும் மேல் மிளகாய் என்று கட்டினால் கனம் கீழே நின்று சரம் நேராகத் தொங்கும். நூல் நுனியில் கரியை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். பிறகு கோணி ஊசியில் நூலைக் கோத்துப் பழத்தைக் காம்பு முனையிலிருந்து அடி முனைவரை நேராகக் குத்தி எடுங்கள். பக்கவாட்டில் குத்தினால் நிறையச் சுளைகள் கிழிந்து சாறு வடியும். நடுத்தண்டு வழியாக ஊசி போனால் சாறு அவ்வளவாக வராது.

மிளகாயைக் காம்பும் காயும் சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே குத்த வேண்டும். காயின் நடுவில் குத்தினால் கனம் தாங்காமல் நீளவாக்கில் பிளந்து விதை கொட்டும். ஏழையும் கோத்ததும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றித் திருப்பிவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஈரம் நின்று அழுகும்.

இனி நேரம். வியாழக்கிழமை ராகு காலம் 1.30 முதல் 3 மணி வரை என்று தினசரிக் காலண்டரில் இருக்கும். 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்ற வரிசை. திங்கள் 7.30-க்குத் தொடங்கி ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிறது என்று வைத்துக்கொண்டது. முறைப்படி அன்றைய பகல் பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். சென்னையில் இன்று உதயம் ஏறத்தாழ 5.52, அஸ்தமனம் 6.37. பகல் 12 மணி 45 நிமிடம், எட்டில் ஒரு பங்கு சுமார் 95.6 நிமிடம். வியாழனுக்கு ஆறாவது பங்கு ராகுவுக்கு. ஐந்து பங்கைக் கூட்டினால் 1.50, அதிலிருந்து 3.26 வரை ராகு காலம். காலண்டரைப் பார்த்து 'மூணு மணி தாண்டிருச்சு' என்று 3.10-க்குக் கட்டுகிறவர் உதயக் கணக்குப்படி ராகு காலத்துக்குள்தான் கட்டுகிறார். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது. இன்றைக்கு 1.30 முதல் 3.30 வரை விட்டுவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

காலையில் கடை திறந்ததும், போணிக்கு முன்பே கட்டிவிடுவது பெரும்பாலான கடைக்காரர்கள் வழக்கம். 7.30 வரை எமகண்டம் என்பதால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2025 ஜூலை 26, சனி (ஆடி 10)

இன்று கரிநாள். அமாவாசைக்குக் கட்ட விட்டுப்போனவர்கள் 'கரிநாளாச்சே, இன்னிக்குக் கட்டலாமா?' என்று தயங்குவார்கள்.

கரிநாளுக்கும் திதி நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழ் மாதத் தேதியை வைத்து வருவது, அதனால் வருடா வருடம் மாறாது. ஆடிக்கு 2, 10, 20. தைக்கு 1, 2, 3-ம் உண்டு. அதாவது பொங்கலும் மாட்டுப் பொங்கலும் கரிநாளில்தான் வருகின்றன, யாரும் பொங்கல் வைக்காமல் இருப்பதில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்குத்தான் கரிநாளை விலக்குவார்கள்: கடை திறப்பு, கல்யாணப் பேச்சு, வண்டி எடுப்பது. நடக்கிற கடையில் சரம் மாற்றுவது தொடக்கமில்லை. ராகு காலமான 9-லிருந்து 10.30-ஐ விட்டுக் கட்டலாம்.

ராகு காலம் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதும் இல்லை. இதே எலுமிச்சையின் மூடியைப் புரட்டி நெய் விளக்கேற்றித் துர்க்கைக்கு வைப்பது செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில்தான்.

2025 ஜூலை 28, திங்கள் (ஆடி 12)

கட்டி ஐந்தாம் நாள். இப்போதே பழத்தைப் பார்த்தால் போக்கு தெரிந்துவிடும். நல்லபடி இருந்தால் தோல் சுருங்கிப் பழுப்பாகி இறுகிக்கொண்டே வரும். கெட்டால் நூல் துளையைச் சுற்றி முதலில் வெள்ளைப் பூஞ்சை, அப்புறம் பச்சைப் பொடி, கீழே கரியில் ஈரம்.

பழம் காய்ந்தால் திருஷ்டி இல்லை, அழுகினால் கடுமையான திருஷ்டி இழுத்திருக்கிறது என்று சொல்வார்கள். அப்படி முடிவு கட்டுமுன் தொங்குகிற இடத்தைப் பாருங்கள். ஷட்டருக்கு உள்பக்கம், காற்று புகாத இடம், ஏசி தண்ணீர் சொட்டுகிற மூலை, இவற்றில் எந்தப் பழமும் அழுகும். மேற்குப் பார்த்த வாசலில் வெயில் பட்டால் எந்தப் பழமும் காயும்.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது: மிளகாய்க் காரம் காற்றில் கலந்து பூச்சியை விரட்டுமாம். மிளகாயின் காரப்பொருள் தானாக ஆவியாகிப் பரவுவதில்லை. அழுகிய எலுமிச்சைக்குப் பழ ஈ வரத்தான் செய்யும். இது கண்ணேறு கழிக்கிற வழக்கம். அந்த நம்பிக்கைக்காகக் கட்டுகிறோம், அதுவே போதும்.

வாசற்படி மார்பிள் என்றால் சொட்டுகிற சாறு பளபளப்பைத் தின்று மங்கலான வட்டத்தை விட்டுவிடும். துடைத்தால் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். கிரானைட்டுக்கு அந்தப் பயம் குறைவு. சரத்தை நிலைக்கு வெளியே நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டால் தீர்ந்தது.

2025 ஜூலை 31, வியாழன் (ஆடி 15)

வாரம் ஒரு முறை மாற்றுகிறவர்கள் பழையதை இன்று மாலையே இறக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கக்கூட யோசிக்கிற கடைகளில் அன்று எதையும் கழித்து வெளியே போட மாட்டார்கள்.

நூலைக் கத்தரித்து ஒரு காகிதத்தில் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். கையால் பிய்த்து இழுத்தால் காய்ந்த மிளகாய் நொறுங்கி விதை கண்ணில் விழும். முச்சந்தியில் போடுகிற பழக்கம் உண்டு, ஆனால் நடக்கிறவர் மிதித்துவிட்டு நாளெல்லாம் மனசு சரியில்லாமல் இருப்பார். ஆட்டோக்காரர்கள் அதைச் சுற்றி வண்டியை வெட்டி ஓட்டுவதையும் பார்க்கலாம். செடி மூட்டில் அரை அடி குழி தோண்டிப் புதைத்தால் யார் காலிலும் படாது. நூலை மட்டும் எடுத்துவிடுங்கள், நைலான் கலந்ததென்றால் மக்காது.

நாளை வெள்ளி, ராகு காலம் 10.30-க்குத் தொடங்கும், அதற்கு முன் புதுச் சரம் ஏற வேண்டும். பழத்தை இன்று இரவே துணியால் துடைத்து வையுங்கள், ஈரத்தோடு கோத்தால் துளை சீக்கிரம் பூக்கும்.