ஒப்புமை அறிக்கை தேறியது, அத்தியாயம் தேறவில்லை

ஒரு மாணவியின் ஆய்வேட்டில், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் முன்னாய்வு அத்தியாயம் என் மேசைக்கு வந்தபோது வேண்டிய கையெழுத்தெல்லாம் விழுந்திருந்தது. ஒப்புமை அளவும், யுஜிசியின் 2018 விதிகள் தண்டனையின்றி விட்டுவிடும் 10 சதவீதத்துக்குள்தான். திருப்பி அனுப்பினேன். "அறிக்கை சரியாக இருக்கிறதே சார், இன்னும் என்ன வேண்டும்?" என்று அலுவலகத்தில் கடிந்துகொண்டார்கள். அது இன்னும் உறுத்துகிறது. பிறர் வரிகளை எடுக்கவில்லை என்பதற்குத்தான் அந்த அறிக்கை சான்று. படித்தவற்றைச் சேர்த்து யோசித்தாரா என்று அது சொல்லாது.

பொருள், வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளும் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரும். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வாசித்தேன். எல்லாமே ஓர் ஆய்வாளர் பெயரும் ஆண்டும்தான். நீரைப் பற்றி ஒரு கூற்றும் இல்லை.

திருத்தி வந்த படி இன்னும் மோசம். 'இதேபோல்', 'ஆனால்' என்று பத்திகளை ஒட்டவைத்திருந்தார் மாணவி. மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். இரண்டு பத்திகளை இடம் மாற்றி வாசித்துக் காட்டினேன், எங்கும் இடறவில்லை. வாதம் இருந்தால் வரிசை கலையும்போது இடறியே தீரும்.

பிறகு ஓர் அட்டவணை போடச் சொன்னேன்: நீர் எடுத்த இடம், மாதம், அளந்தது எது, கண்டது என்ன. "இதெல்லாம் அத்தியாயத்திலேயே இருக்கிறதே சார்" என்றார். "இருக்கிறதம்மா, பக்கத்தில் பக்கத்தில் இல்லை" என்றேன்.

மூன்றாவது கட்டத்தை நிரப்பியபோதுதான் விஷயம் பிடிபட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் பலன் உண்டு என்ற கட்டுரைகள், அவற்றிலிருந்து வெளியேறும் நீரில் கரிமக் கழிவின் சுமையைக் காட்டும் பிஓடியை அளந்திருந்தன. பலன் இல்லை என்றவை, கிணற்று நீரில் கரைந்த உப்புகளை, அதாவது டிடிஎஸ்ஸை அளந்திருந்தன. இவை மோதவே இல்லை. நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்றுவிடும். தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பை அவற்றால் தொட முடியாது. இரண்டு தரப்பும் சரி. அத்தியாயமோ இவற்றை 'ஆனால்' போட்டுச் சண்டைக்கு நிறுத்தியிருந்தது.

கிணற்றுக் கட்டுரைகளுக்குள்ளும் மே மாதத்து நீரையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய நீரையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. மாதம் குறிப்பிடாத கட்டுரைக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

அடுத்த படியில் ஒரு பத்தி இப்படித் தொடங்கியது: "சுத்திகரிப்பு கரிமச் சுமையைக் குறைத்தது, உப்பைக் குறைக்கவில்லை." படித்ததும் மனம் நிறைந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தின் பின்னால் குவிந்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாக மூலக் கட்டுரையில் சரிபார்த்தோம். ஒரு கட்டுரை குரோமியத்தை மட்டுமே அளந்திருந்தது. அதை அங்கிருந்து எடுக்கவைத்த பிறகே கையெழுத்திட்டேன்.