கற்றல் வளைவுக் கணக்கு: சராசரி நேரத்திலிருந்து ஆர்டரின் நேரத்துக்கு

அடக்கவிலைக் கணக்கியல் தேர்வுக்குப் படித்தபோது, கற்றல் வளைவுக் கணக்குகளில் சூத்திரத்தைச் சரியாக எழுதியும் பல முறை மதிப்பெண் இழந்தேன். கேள்வி எந்த நேரத்தைக் கேட்கிறது என்பதை நான் பிரித்துப் பார்க்காததே அதற்குக் காரணம் என்று மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த இடத்தை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டி. பி. ரைட் 1936-இல் விமான உற்பத்திச் செலவைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த மாதிரியைத்தான் நாம் படிக்கிறோம். மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், குவிவு சராசரி நேரம் முந்தைய சராசரியின் ஒரு நிலையான சதவீதமாகக் குறைகிறது என்பது அதன் சாரம். குவிவு சராசரி என்பது முதல் அலகிலிருந்து இதுவரை செய்த அத்தனை அலகுகளுக்குமான சராசரி. கடைசியாகச் செய்த அலகுக்கு ஆன நேரம் அதுவன்று.

ஒரு நிறுவனம் கையால் ஒயரிங் செய்யப்படும் புதிய வகைக் கண்ட்ரோல் பேனலைத் தயாரிக்கிறது என்று கொள்வோம். முதல் பேனலுக்கு 500 மணி நேரம் ஆனது. கற்றல் விகிதம் 80%. ஒரு பேனலுக்கு மூலப்பொருள் ரூ. 60,000, கூலி மணிக்கு ரூ. 200, மாறும் மேற்செலவு உழைப்பு மணிக்கு ரூ. 50. நான்கு பேனல்கள் முடிந்துவிட்டன. மேலும் நான்குக்கு ஆர்டர் வந்திருக்கிறது. அதற்கான அலகுச் செலவு என்ன?

சராசரி 1 பேனலுக்கு 500, 2-க்கு 400, 4-க்கு 320, 8-க்கு 256 என்று இறங்குகிறது. நான் அன்று 256-ஐ எடுத்து நான்கால் பெருக்கி 1,024 மணி என்று எழுதினேன். ஆனால் அந்த 256-க்குள் தொழிலாளர்கள் தடுமாறிய முதல் பேனலின் 500 மணியும் கலந்திருக்கிறது. அந்தச் சுமையைப் புதிய ஆர்டரின் தலையில் ஏற்றுவது தவறு. எட்டுக்கான மொத்தம் 8 × 256 = 2,048; நான்குக்கான மொத்தம் 4 × 320 = 1,280; இவற்றின் வித்தியாசமான 768 மணியே புதிய ஆர்டருக்கு உரியது. பேனலுக்கு 192 மணி. மணிக்கு ரூ. 250 வீதம் ரூ. 48,000, அதனுடன் மூலப்பொருள் ரூ. 60,000, ஆக ரூ. 1,08,000. என் விடை ரூ. 1,24,000-ஆக இருந்தது, அந்தச் செலவின் மேல் இலாபம் வைத்து விலை கோரும் நிறுவனம் ஆர்டரை இழக்கக்கூடும்.

விடையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: புதிய ஆர்டரின் அலகு நேரம், புதிய குவிவு சராசரியைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். இங்கே 192 என்பது 256-ஐவிடக் குறைவு. சமமாகவோ கூடுதலாகவோ வந்தால், கழித்தலை விட்டிருக்கிறோம் என்று பொருள். முதல் பேனலின் செலவான ரூ. 1,85,000-உடன் ஒப்பிட்டால், குறைந்தது முழுவதும் உழைப்பு மணியைச் சார்ந்த பகுதியே என்பதும் தெரியும். மூலப்பொருள் செலவையும் 80%-ஆல் பெருக்குவது நான் அடிக்கடி பார்த்த இன்னொரு பிழை.

இதே கணக்கின் அடுத்த பகுதி, எட்டாவது பேனலோடு கற்றல் நின்றுவிடுகிறது, அதற்குப் பின் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்கலாம். இங்கே விடை 256 அன்று, 192-உம் அன்று. எட்டாவது பேனலுக்கு மட்டும் ஆன நேரமே இனி நிலையாகத் தொடரும். அதற்கு ஏழு பேனல்களின் மொத்தம் வேண்டும். ஏழு என்பது இரட்டிப்பில் வராத எண் என்பதால் சூத்திரம் தேவைப்படுகிறது. அதில் y குவிவு சராசரி நேரம், a முதல் அலகின் நேரம், x மொத்த அலகுகளின் எண்ணிக்கை.

```
y = a × x^b
b = log 0.8 / log 2 = -0.32193
y(7) = 500 × 7^(-0.32193) = 267.24
```

ஏழின் மொத்தம் 7 × 267.24 = 1,870.7, 2,048-இலிருந்து கழித்தால் 177.3 மணி. ஒன்பதாவது பேனலிலிருந்து செலவு 177.3 × 250 + 60,000, அதாவது ஏறத்தாழ ரூ. 1,04,300.

சராசரியை இடையிலேயே முழு எண்ணாக்கிவிடக் கூடாது. 267.24-ஐ 267 என்று எழுதினால் மொத்தம் 1,869 ஆகி, எட்டாவது பேனலின் நேரம் 179-ஆக உயர்ந்துவிடும். சராசரியில் விட்ட கால் மணி ஏழால் பெருகி, இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தில் வந்து விழுகிறது. இரண்டு தசம இடங்களாவது வைத்துக்கொண்டு, கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

80% என்ற விகிதம் அதே தொழிலாளர்கள், இடைவெளியின்றி, அதே வடிவமைப்பைச் செய்யும்போது மட்டுமே நிற்கும். இரண்டு ஆர்டர்களுக்கு நடுவே பல மாதம் வேலை நின்றிருந்தது என்றோ, புதிய ஆட்கள் வந்தார்கள் என்றோ கேள்வியில் ஒரு வரி இருந்தால், 768 மணி என்பது குறைவான மதிப்பீடு என்ற குறிப்பை விடையின் கீழே எழுத வேண்டும்.