கடைசி ராத்திரி நோட்ஸ் கேட்பவரிடம் எப்போது, எப்படி மறுப்பது: ஒரு காமர்ஸ் மாணவியின் அனுபவம்

ஒவ்வொரு தேர்வுக்கும் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் 'நோட்ஸ் போட்டோ அனுப்பு' என்று கேட்கும் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவருக்கு எப்படி மறுப்பது என்று ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். அந்த ராத்திரியில் மறுக்காதீர்கள், தேர்வு எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு சாதாரண நாளில் மறுத்துவிடுங்கள். ராத்திரியில் சொல்கிற 'முடியாது' சண்டையாகத்தான் போகும். கேட்பவர் பயத்தில் இருப்பார், நாமும் பயத்தில் இருப்போம். அப்போது சொல்கிற எந்த நியாயமும் யார் காதிலும் ஏறாது.

நான் பி.காம். படித்தது காரைக்குடியில், தினமும் புதுவயலிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தவளும் அதே பஸ்தான், வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் அம்மாவும் என் அம்மாவும் கோயிலிலும் கடைத்தெருவிலும் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்கள். இது மாதிரி ஊர்களில் இதுதான் சிக்கல். நகரத்துக் கல்லூரியில் ஒரு வகுப்புத் தோழிக்கு இல்லை என்று சொன்னால் விஷயம் அவளோடு முடிந்துவிடும். இங்கே மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போதே, "ஏன்டி, அந்தப் புள்ள நோட்டு கேட்டுச்சாமே, குடுக்க மாட்டேன்னுட்டியாமே?" என்று அப்பத்தா வரைக்கும் வந்துவிடும்.

அவள் சோம்பேறி இல்லை. வகுப்பிலும் உட்கார்ந்துதான் இருப்பாள். 'நீ எழுதுறதானே, அப்புறம் வாங்கிக்கிறேன்' என்று பேனாவை மூடி வைத்துவிடுவாள். தன்னிடம் நோட்ஸ் இல்லை என்பது அவளுக்குத் தேர்வுக்கு முதல் நாள்தான் உறைக்கும். முதல் வருடம் முழுக்க நானும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். தியரி பேப்பர்களில் அது ஓரளவு ஓடியது. இரண்டாம் வருடம் காஸ்ட் அக்கவுண்டிங் வந்ததும் ஓடவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மறுக்கும்போது எனக்குத் தெம்பு தந்ததே இந்தக் காரணம்தான்.

ப்ராசஸ் காஸ்டிங் என்பது ஒரு பொருள் கட்டம் கட்டமாகத் தயாராகும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஆகிற செலவைக் கணக்கிடுவது. அதில் ஒரு சாதாரணக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 யூனிட் உள்ளே போகிறது. பொருள், கூலி, மற்ற செலவு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். நார்மல் லாஸ் 10 சதவீதம், கழிவு யூனிட் 2 ரூபாய்க்கு விலை போகும். கடைசியில் வெளியே வந்தது 880 யூனிட். என் நோட்டில் இதற்குப் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: '10,800 ÷ 900 = 12'. எனக்கு அது போதும், வகுப்பில் மேடம் சொன்னதெல்லாம் அந்த வரியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஊர் ரைஸ் மில்லை வைத்துத்தான் அவர் விளக்கினார். நெல்லை அரைத்தால் உமி போகத்தான் செய்யும், அது எதிர்பார்த்த கழிவு. உமி விற்ற காசைச் செலவில் கழித்துவிட்டு, மிச்சச் செலவை மிஞ்ச வேண்டிய அரிசியின் மேல் ஏற்ற வேண்டும். அதுபோலவே இங்கே 100 யூனிட் கழிவு விற்ற 200 ரூபாயைக் கழித்தால் 10,800. மிஞ்ச வேண்டியது 900 யூனிட். ஆக யூனிட் 12 ரூபாய். வர வேண்டிய 900-க்கு 880 தான் வந்திருப்பதால் 20 யூனிட் அப்நார்மல் லாஸ், அதன் மதிப்பு 240 ரூபாய். நல்ல சரக்கு 10,560. இதோடு 240-ஐயும் 200-ஐயும் கூட்டினால் 11,000 வரும், கணக்கு டேலி ஆகிவிடும்.

இப்போது அந்தப் பக்கத்தின் போட்டோவை ராத்திரி பத்து மணிக்கு முதல் தடவை பார்க்கிறவரை நினைத்துப் பாருங்கள். 10,800 எங்கிருந்து வந்தது, 900 எங்கிருந்து வந்தது, எதுவும் தெரியாது. விடையை அப்படியே மனப்பாடம் செய்வார். காலையில் கேள்வித்தாளில் எண்களை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அவர் மொத்தச் செலவை உள்ளே போன யூனிட்டால் வகுப்பார், இல்லாவிட்டால் வெளியே வந்த யூனிட்டால் வகுப்பார். யூனிட் விலை தப்பினால் அதற்குக் கீழே எழுதுகிற எல்லாமே தப்பும். அவளுக்கும் ஒரு இன்டர்னல் தேர்வில் இதேதான் நடந்தது, வெளியே வந்த யூனிட்டால் வகுத்திருந்தாள். மறுநாள் பஸ்ஸில், "உன் நோட்டைத்தானே பார்த்தேன், எனக்கு ஏன் தப்பாச்சு?" என்று என்னிடமே கேட்டாள்.

கொடுப்பவருக்கு ஆகிற செலவும் உண்டு. பக்கங்களை வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுப்பதற்கு அரை மணி நேரம் போகும். அதைவிடப் பெரியது அதற்குப் பிறகு வருகிற சந்தேகங்கள். 'அந்த நாலாவது பக்கம் மங்கலா இருக்கு', 'இது எப்படி வந்துச்சு', 'இது முக்கியமா'. நான் கடைசியாக ஒருமுறை கணக்கு போட்டுப் பார்க்க வைத்திருந்த நேரம் இதிலேயே கரைந்துவிடும்.

இது புரிந்த பிறகுதான் அவளிடம் பேசுவதென்று முடிவு செய்தேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது இன்டர்னல் பேப்பர் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம். கூட வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்தேன், நாலு பேர் முன்னால் சொன்னால் அவமானமாகிவிடும். நான் சொன்னது கிட்டத்தட்ட இதுதான்:

"இனிமே பரீட்சைக்கு முந்தின ஒரு வாரம் நோட்டு யாருக்கும் குடுக்கப் போறதில்லடி. எனக்கு அது படிக்கிற நேரம். அதுக்கு முன்னாடி எப்ப வேணாலும் கேளு. வெள்ளிக்கிழமை மத்தியானம் லைப்ரரில உக்காந்து அந்த வாரக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்."

இதில் மூன்று விஷயம் கவனித்துச் செய்தேன். 'நீ எப்பவும் கடைசி நேரத்துல வர்ற' என்று அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, என் நேரத்தைப் பற்றித்தான் சொன்னேன். 'யாருக்கும்' என்றேன், சொன்ன பிறகு நிஜமாகவே யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருத்திக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், அப்புறம் அந்த விதிக்கு மதிப்பே இல்லை. மூன்றாவது, எந்த நாள் வரை கேட்கலாம் என்று தெளிவாகச் சொன்னேன். 'முன்னாடியே கேளு' என்று பொதுவாகச் சொன்னால் அவரவர் கணக்கில் முதல் நாள் காலைகூட 'முன்னாடி'தான்.

அவள் முகம் சுருங்கத்தான் செய்தது. ஊர் வந்து சேரும் வரை பேசவில்லை. அன்றைக்கே வீட்டிலும் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். அவள் அம்மா வருத்தப்பட்டு என் அம்மாவிடம் கேட்டபோது, "வாரா வாரம் சேர்ந்து படிக்கக் கூப்பிட்டிருக்கா, வரச் சொல்லுங்க" என்று அம்மாவால் சொல்ல முடிந்தது. நான் சொல்லாமல் விட்டிருந்தால் அம்மாவே சமாதானமாக நோட்டைத் தூக்கிக் கொடுத்திருப்பார்.

சொல்லிவிட்டால் கேட்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி மெசேஜ் வந்தது. அதற்கு ஒரே பதில்தான் அனுப்பினேன்: 'இப்ப முடியாதுடி, அன்னைக்கே சொன்னேன்ல. புத்தகத்துல ப்ராசஸ் காஸ்டிங்ல தீர்வோட இருக்கிற முதல் ரெண்டு கணக்கை மட்டும் போட்டுப் பாரு. பரீட்சை முடிஞ்சதும் பேசுவோம்.' அனுப்பிவிட்டு போனை அடுப்படியில் அம்மா பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது பதில் எழுத ஆரம்பித்தால் அது பேரமாகிவிடும். 'சிலபஸ்ல ஒரு யூனிட் மட்டும்' என்று இறங்கி வருவார்கள், அந்த ஒரு யூனிட் நாலு யூனிட்டில்தான் போய் முடியும்.

பொய் சொல்லித் தப்பிப்பது பலருக்குச் சுலபமாகத் தெரிகிறது. 'நானே எழுதலை', 'நோட்டு ஹாஸ்டல்ல மாட்டிக்கிச்சு' என்பார்கள். நான் இதைக் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். மார்க் வந்ததும் பொய் வெளுத்துவிடும், அடுத்த தடவை இன்னொரு பொய் தேட வேண்டும். பாதி நோட்ஸ் அனுப்புவது, வேண்டுமென்றே மங்கலாக போட்டோ எடுப்பது இதெல்லாம் அதைவிட மோசம். அதை நம்பி ஒருவர் தேர்வுக்குப் போகிறார்.

அசைன்மென்ட் வேறு கதை. எங்கள் கல்லூரியில் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. அந்த 25-க்குள் அசைன்மென்டும் வரும். அதை வாங்கிப் பார்த்து எழுதுகிறவர்கள் நம் தவறையும் சேர்த்தே எழுதுவார்கள், திருத்துகிறவருக்கு அதுவே போதும். யார் யாரைப் பார்த்து எழுதியது என்று விசாரிக்காமல் இரண்டு பேருக்குமே மார்க்கைக் குறைப்பார்கள். அதனால் அசைன்மென்டுக்கு முன்கூட்டி, கடைசி நேரம் என்ற பேச்சே இல்லை, எப்போது கேட்டாலும் மறுக்கலாம். என்ன தலைப்பு, எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்று சொன்னால் போதும்.

யாருக்கு விதியைத் தளர்த்துவது என்றும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மாசி-பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டில் பால்குடம் இருந்தால் சிலர் வகுப்புக்கு வர முடியாது. காய்ச்சலில் படுத்தவர்கள் இருப்பார்கள், துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளை இருப்பாள். இவர்கள் கேட்பதிலேயே வித்தியாசம் தெரியும். 'செவ்வாய், புதன் ரெண்டு நாள் வரலை, அந்தக் கணக்கு மட்டும் வேணும்' என்று குறிப்பாகக் கேட்பார்கள், திரும்பி வந்த வாரத்திலேயே கேட்பார்கள். அவர்களுக்கு நான் நோட்டையே கொடுத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். 'எல்லாத்தையும் அனுப்பு' என்று தேர்வுக்கு முதல் நாள் கேட்பவருக்குத் தனக்கு என்ன தெரியாது என்பதே தெரிந்திருக்காது.

அவள் முதல் இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை, மூன்றாவது வாரம் வந்தாள். ஓவர்ஹெட்ஸ் பிரித்துப் போடுகிற கணக்கில் தொடங்கினோம், அவள் போட நான் பார்த்தேன். இடையில் சில வாரம் விட்டும் போனாள், நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் யூனிட் வந்து அப்நார்மல் கெயின் ஆனால் எந்தப் பக்கம் எழுதுவது என்று ஒரே ஒரு சந்தேகம். 'ப்ராசஸ் அக்கவுண்ட்ல டெபிட் பக்கம்' என்று எழுதி அனுப்பினேன்.