மூடிய கடையின் கணக்கு நோட்டைப் பத்திரமா வைங்க

அடுத்து என்ன தொழில்னு யோசிக்கிறவங்க முதல்ல பழைய கடையோட விற்பனையைப் பொருள்வாரியா பிரிச்சுப் பாருங்க.

தண்டையார்பேட்டையில ஒரு டிபன் கடைன்னு வெச்சுக்குவோம். அதிகமா வித்தது பரோட்டா. ஆனா மாஸ்டர் சம்பளம், கேஸ், மீந்தது எல்லாம் கழிச்சா கையில எதுவும் நிக்காது. ஓரமா கிலோ 45 ரூபாய்க்குப் போன இட்லி மாவைப் பாருங்க. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அரிசி கிலோ 40, உளுந்து 120னா ஒரு கிலோ கலவை 56 ரூபாய். ஊறி அரைச்சா சுமார் இரண்டரை கிலோ மாவு வரும். கரண்ட், கவருக்கு 5 ரூபாய் போனாலும் கிலோவுக்கு 17 ரூபாய் மிஞ்சும்.

இங்கதான் பலரும் ஏமாறுவாங்க. அந்த 17 ரூபாய்ல வாடகையும் உழைப்பும் சேரலை, அதையெல்லாம் டிபன் கடை சுமந்தது. தினம் 10 கிலோ போனா மாசம் 5,100தான், ரூம் வாடகைக்கே சரியாப் போயிடும். 30 கிலோ போனா 15,300, அப்பதான் அது தொழில்.

அத்தனை கிலோ போகுமான்னு யுபிஐ ஸ்டேட்மெண்ட்ல தெரியும். 45, 90னு மாவுக்கு மட்டும், வாரம் ரெண்டு தடவை பணம் போட்ட அதே பெயர்களை எண்ணுங்க. டிபனோட சேர்த்து வாங்கினவங்களைக் கணக்குல எடுக்காதீங்க. கடை இல்லன்னா அவங்க வரமாட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்ககிட்ட ஒரு வாரத்துக்கு முன்பணம் கேளுங்க. "நல்லா இருக்கும், ஆரம்பிங்க"ன்னு சொல்றவங்களை விட்டுட்டு, பணம் கொடுத்தவங்களை மட்டும் வெச்சு கிலோவைக் கணக்குப் போடுங்க. மே மாச வெயில்ல மாவு சீக்கிரம் புளிக்கும், ஃப்ரிட்ஜ் செலவையும் சேர்த்துக்குங்க.