சுயஉதவிக் குழுவின் வருட இலாபத்தைப் பிரித்த கதை

விசுவமடுப் பக்கம் எங்கள் பெண்கள் சுயஉதவிக் குழுவில் 15 பேர். முதல் வருடக் கணக்கை முடித்து, இலாபத்தை ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் வேலை பொருளாளராக என்னிடம் வந்தது. வேறு குழுக்களில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் சேமிப்பு வாங்குவதும் கடன் கொடுப்பதும் எல்லாரும் செய்துவிடுவார்கள், இந்த மார்கழிக் கணக்கில்தான் குழுக்கள் உடைகின்றன. (நாங்கள் ஜனவரியைத் தை என்றும் டிசம்பரை மார்கழி என்றும்தான் கொப்பியில் எழுதுவது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

எங்கள் நடைமுறை இதுதான். மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம், குறைந்தது 500 ரூபா சேமிப்பு. கடனுக்கு வட்டி மாதம் நூற்றுக்கு 2 ரூபா, அதுவும் மிச்சமிருக்கிற முதலுக்கு மட்டும். இந்தக் கடைசி வரி எங்களுக்கு முக்கியம். 10,000 ரூபா எடுத்து மாதம் 1,000 படி பத்து மாதத்தில் கட்டினால் வட்டி முதல் மாதம் 200, பிறகு 180, 160 என்று இறங்கி மொத்தம் 1,100 தான் வரும். அதே 2 வீதத்தை எடுத்த முழுத்தொகைக்கும் கடைசிவரை போட்டால் 2,000. கிழமைக் கடன்காரர் வாசலில் வந்து நின்ற காலத்தைப் பார்த்த ஆக்கள் நாங்கள், 'சின்ன வட்டி' என்று சொல்லித் தந்ததெல்லாம் எப்படி ஊதியது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். இலாபத்தைப் பிரிக்க முதல் அந்த இலாபம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பது. ஒரு பக்கம் காசு எங்கே இருக்கிறது என்பது: பெட்டியில் எண்ணியது 2,850, வங்கிப் புத்தகத்தில் 34,800, உறுப்பினர்கள் கையில் கடனாக நிற்கிற முதல் 71,500. கூட்டினால் 109,150. மற்றப் பக்கம் அது யாருடைய காசு என்பது: எல்லாருடைய சேமிப்பும் 99,000, அதோடு வருட இலாபம். கொப்பியின்படி வட்டி 12,320, பிந்திய தண்டம் 400, வங்கி வட்டி 180, ஆக வரவு 12,900. பாஸ் புத்தகம், சி.ஆர். கொப்பி, வங்கிக்குப் போய்வந்த பஸ் காசு எல்லாம் செலவு 1,350. மிச்சம் 11,550. சேமிப்போடு கூட்டினால் 110,550 வருகிறது.

அதாவது 1,400 ரூபா இலாபம் கொப்பியில் மட்டும் இருக்கிறது, கையில் இல்லை.

இப்படி வந்தவுடன் ஆக்களுக்கு முதலில் போகிற எண்ணம் பெட்டி யார் வீட்டில் இருந்தது என்பதுதான். அந்தப் பேச்சு எழும்ப முதலே வேலையை முடித்துவிட வேண்டும். பெட்டியிலிருந்து காசு குறைந்ததா, கொப்பியில் எழுதியது கூடியதா என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவருடைய பாஸ் புத்தகத்தையும் வாங்கி, குழுவின் கடன் பேரேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். பாஸ் புத்தகத்தில் காசு கைமாறினால் மட்டுமே கையெழுத்து விழும், அதனால் அதை நம்பலாம்.

இரண்டு இடத்தில் பிடிபட்டது. கோழி வளர்க்க 10,000 எடுத்த ஒரு அக்கா ஆவணியிலிருந்து ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறா. அவவின் பாஸ் புத்தகத்தில் வட்டி 200, 180, 160, 140, 120, மொத்தம் 800. பேரேட்டில் ஐந்து மாதமும் 200, 200 என்று 1,000. மேலே இருந்த வரியைப் பார்த்து அப்படியே கீழே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். 200 ரூபா வித்தியாசம் அங்கே போனது.

மற்ற 1,200 தான் கதைக்க வேண்டிய விஷயம். காலபோக விதைப்புக்கு 20,000 எடுத்த ஒருவருக்கு மாத வட்டி 400. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வட்டி வரவில்லை, ஆனால் பேரேட்டில் வட்டி நிரலில் 400 என்று மூன்று தடவை எழுதி வரவில் சேர்த்திருந்தது. அவ ஏமாற்றவில்லை. வயலில் காசைப் போட்ட குடும்பத்துக்கு அரிவு வெட்டு முடியும் வரைக்கும் வீட்டுக்குக் காசு வராது, மாசி பங்குனியில் நெல் விற்றுத்தான் கட்டுவா, அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கூட்டத்தில் “அவ எப்பிடியும் தருவா தானே, அதையும் சேர்த்துப் பிரிப்பம்” என்று சிலர் கேட்டார்கள்.

நான் உடன்படவில்லை. வராத 1,200 ரூபாவை இலாபம் என்று பிரித்தால் அந்தக் காசு எங்கிருந்து வரும்? வங்கியில் கிடக்கிற சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படியென்றால் நாங்கள் வைத்த முதலையே எடுத்து இலாபம் என்று எங்களுக்கே கொடுக்கிறோம். மழை பிழைத்தால், வெள்ளம் வந்தால் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் பேரேட்டில் புதிதாக ஒரு நிரல் போட்டேன், 'வரவேண்டிய வட்டி' என்று. வட்டி விழுகிற மாதம் அதில் எழுதுவது, காசு வந்தால் மட்டும் 'வந்த வட்டி' நிரலுக்குப் போவது. இதில் ஒரு குறை இருக்கிறது, இந்த வருடம் உழைத்த வட்டி அடுத்த வருட இலாபத்தில்தான் சேரும். அதைப் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டோம்.

வட்டி 12,320 இலிருந்து 10,920 ஆனது, தேறிய இலாபம் 10,150. சேமிப்பு 99,000 ஐக் கூட்டினால் 109,150. இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 2,030 ரூபா, வராக்கடனுக்கென்று ஒதுக்கினோம். பிரிக்க இருந்தது 8,120.

இனிப் பிரிக்கிற முறை. ஆளுக்குச் சமமாக என்றால் 541 ரூபா வரும், ஆனால் ஆடியில் சேர்ந்து மொத்தம் 3,000 மட்டும் போட்டவருக்கும் வருடம் முழுக்க மாதம் 1,000 போட்டவருக்கும் ஒரே தொகை. இதைப் பெரும்பாலும் யாரும் ஏற்கவில்லை. சேமித்த மொத்தத் தொகைக்கு ஏற்பப் பிரிக்கலாம் என்றார்கள், பல குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. அதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தையில் வைத்த 500 ரூபா பன்னிரண்டு மாதம் கடனாக ஓடி வட்டி உழைத்தது, மார்கழியில் வைத்த 500 ஒரு மாதம்தான். இரண்டுக்கும் ஒரே பங்கு கொடுத்தால் பிந்திப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடும்.

அதனால் ஒவ்வொரு வைப்பையும் அது குழுவில் இருந்த மாதங்களால் பெருக்கினேன். கூட்டம் மாதத் தொடக்கத்தில் என்பதால் வைத்த மாதத்தையும் சேர்த்துக்கொண்டேன். தையில் வைத்தது 12 ஆல், மாசியில் வைத்தது 11 ஆல், இப்படி மார்கழி வைப்பு 1 ஆல். மாதம் தவறாமல் ஒரே தொகை போட்டவருக்கு வரிவரியாகப் பெருக்கத் தேவையில்லை, 12 இலிருந்து 1 வரை கூட்டினால் 78, அதனால் 500 x 78 = 39,000. இடையில் யாராவது சேமிப்பை எடுத்தால், எடுத்த தொகையை மிச்ச மாதங்களால் பெருக்கிக் கழிக்க வேண்டும், எங்களுக்கு இந்த வருடம் அந்த வேலை வரவில்லை.

எங்கள் குழுவில் மாதம் 500 போட்டவர்கள் பத்துப் பேர், ஆளுக்கு 39,000. மாதம் 1,000 போட்ட இருவருக்கு 78,000 படி. இரண்டு பேர் மாதாமாதம் கட்ட வழியில்லாமல், அறுவடை முடிந்து பங்குனியில் 6,000 ரூபாவை ஒரே தடவையில் வைத்தவர்கள், அது பத்து மாதம் இருந்ததால் ஆளுக்கு 60,000. ஆடியில் சேர்ந்தவருக்கு 10,500. எல்லாம் கூட்ட 676,500. பிரிக்க இருக்கிற 8,120 ஐ இதால் வகுத்தால் 0.012 சொச்சம் வருகிறது, அதாவது ஆயிரம் ரூபா ஒரு மாதம் இருந்ததற்கு 12 ரூபா. இனி மிச்சம் இலேசு: 500 போட்டவர்களுக்கு 468, ஆயிரம் போட்டவர்களுக்கு 936, பங்குனியில் வைத்தவர்களுக்கு 720, ஆடியில் சேர்ந்தவருக்கு 126. கூட்டினால் 8,118, மிஞ்சிய 2 ரூபா ஒதுக்கத்துக்குப் போனது.

இந்தத் தொகைகளை வாசித்தவுடன் ஒரு அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பிள்ளை, நான் ஒரு மாசம் பிந்தாமல் கட்டினனான், அவவும் ஆறாயிரம், நானும் ஆறாயிரம், அவவுக்கு ஏன் கூட?” நியாயமான கேள்வி. கடன் பேரேட்டை விரித்துக் காட்டினேன். பங்குனிக் கூட்டத்தில் தையிலிருந்து சேர்ந்த மூன்று மாதச் சேமிப்பு மட்டும் இருந்திருந்தால் 21,000 தான், இந்த இரண்டு பேரின் 12,000 வந்ததால்தான் அந்த மாதமே கச்சான் செய்கையும் தையலும் என்று கடன் கொடுக்க முடிந்தது. அந்த வட்டியில்தான் உங்களுடைய 468 உம் இருக்கிறது என்றேன். அவ கொப்பியை வாங்கிப் பார்த்து, தன் வரியை விரலால் தடவி, பிறகு “சரி” என்றா.

ஆனால் அவவின் கேள்விக்குள் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. வசதியுள்ள ஒருவர் தையிலேயே பெரிய தொகையைக் கொட்டினால் இலாபத்தில் பாதி அவருக்கே போகும், கடன் எடுத்து வட்டி கட்டுகிற மற்றவர்கள் அவருக்கு உழைத்துக் கொடுப்பதுபோல ஆகிவிடும். அதனால் இனி ஒருவர் வருடத்துக்கு 12,000 ரூபாவுக்கு மேல் வைக்க முடியாது என்று அன்றே தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்து வைத்தோம்.

பங்கைப் பெரும்பாலானோர் காசாக வாங்கினார்கள், பொங்கலுக்கு முன் கூட்டம் என்பதால் அது விளங்கக்கூடியது. விட்டுவைத்தவர்களுக்குத் தை மாத வைப்பாகப் பாஸ் புத்தகத்தில் ஏற்றினேன். காலபோகக் கடன்காரருடைய 468 ஐக் கையில் கொடுக்காமல் வட்டி நிலுவையில் கழிக்கலாமா என்று அவவிடமே கேட்டோம், சம்மதித்தா. அதைப் பங்கு கொடுத்ததாக ஒரு வரி, தையில் வட்டி வந்ததாக இன்னொரு வரி என்று இரண்டாக எழுதினேன். ஒரே வரியில் கழித்துவிட்டால் அடுத்த வருடம் கணக்குப் பார்க்கிறவருக்கு அந்த 468 எங்கே போனது என்று தெரியாது. இப்போது அவவின் நிலுவை 732.